தலையங்கமும் நடுப்பக்கக் கட்டுரையும் எழுதுவது எப்படி? தோண்டப்பட்ட ஒரு சாலையை வைத்துச் சில கேள்வி பதில்கள்

தலையங்கம், நடுப்பக்கக் கட்டுரை இரண்டுமே கருத்துதானே? அப்புறம் என்ன வித்தியாசம்?

பேசுவது யார் என்பதில்தான் வித்தியாசம். தலையங்கத்தில் பத்திரிகை பேசுகிறது. உட்கார்ந்து எழுதுகிறவர் ஒருவர்தான் என்றாலும் அவர் பெயர் வராது, ஏனென்றால் அது ஆசிரியர் குழு பேசி எடுத்த நிலைப்பாடு. அங்கே 'நான்' என்ற சொல்லுக்கு இடமில்லை. நேற்று ஒன்று, இன்று வேறொன்று என்று மாற்றிப் பேசவும் முடியாது. போன வருடம் இதே விஷயத்தில் பத்திரிகை என்ன எழுதியது என்று பார்த்துவிட்டுத்தான் இந்த வருடம் எழுத வேண்டும்.

நடுப்பக்கக் கட்டுரையில் ஒரு ஆள் பேசுகிறார். பெயர் இருக்கும், கீழே அவர் யார் என்று ஒரு வரி இருக்கும். அவர் சொல்வதற்கு அவரே பொறுப்பு, தலையங்கத்தோடு அவர் உடன்பட வேண்டியதும் இல்லை. ஆங்கிலப் பத்திரிகைகள் 'ஆப்-எட்' என்று சொல்வது 'தலையங்கத்துக்கு எதிர்ப்பக்கம்' என்பதன் சுருக்கம். நியூயார்க் டைம்ஸ் அந்தப் பக்கத்தை 1970 செப்டம்பர் 21 அன்று தொடங்கியது. திரையில் படிக்கும் காலத்தில் எதிர்ப்பக்கம் என்று ஒன்று இல்லாததால், 2021-ல் அந்தப் பெயரைக் கைவிட்டு 'விருந்தினர் கட்டுரை' என்று மாற்றிக்கொண்டது. பெயர் போனாலும் வேலை மாறவில்லை: பத்திரிகை சொல்லாததை, சொல்ல முடியாததை, வெளியிலிருந்து ஒருவர் வந்து சொல்வதற்கான இடம் அது.

இதிலிருந்தே இரண்டின் கட்டமைப்பும் பிரிந்துவிடுகிறது. தலையங்கம் ஒரு கோரிக்கையை நோக்கி நடக்கும். கட்டுரை ஒரு புரிதலை நோக்கி நடக்கும்.

தலையங்கம் எழுத உட்கார்ந்தால் முதல் வரியிலேயே நின்றுவிடுகிறேன். எங்கிருந்து தொடங்குவது?

கடைசியிலிருந்து. 'யார், எதை, எப்போதைக்குள் செய்ய வேண்டும்' என்று ஒரே வாக்கியம் எழுதிப் பாருங்கள். அது வரவில்லை என்றால் முதல் வரி வராததில் வியப்பில்லை. எங்கே போகிறோம் என்று தெரியாமல் கிளம்பத்தான் முடியவில்லை.

'சாலைகள் அடிக்கடி தோண்டப்படுவதைத் தடுக்க உரிய நடவடிக்கை எடுக்க வேண்டும்' என்று எழுதினால் அது கோரிக்கை ஆகாது. சோதிப்பது எளிது. 'சாலைகள் அடிக்கடி தோண்டப்படுவதை' என்பதை எடுத்துவிட்டு 'கொசுத் தொல்லையை' என்று போடுங்கள். வாக்கியம் அப்படியே பொருந்துகிறதல்லவா? எந்தப் பிரச்சினைக்கும் பொருந்தும் வாக்கியத்தை எந்த அதிகாரியும் தனக்குச் சொன்னதாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

இப்போது இதைப் பாருங்கள்: 'குடிநீர், கழிவுநீர், மின்சாரம், தொலைத்தொடர்பு ஆகிய நான்கு பிரிவுகளிடமும் எங்களுக்கு இந்தத் தெருவில் தோண்டும் வேலை பாக்கி இல்லை என்று எழுத்தில் வாங்காமல், எந்தச் சாலைக்கும் நகராட்சி டெண்டர் விடக் கூடாது, அடுத்த மன்றக் கூட்டத்திலேயே இதைத் தீர்மானமாக நிறைவேற்ற வேண்டும்.' செய்ய வேண்டியவர் இருக்கிறார், செயல் இருக்கிறது, காலம் இருக்கிறது. மன்றக் கூட்டம் முடிந்த மறுநாள், நடந்ததா இல்லையா என்று பத்திரிகையே திரும்பிக் கேட்கலாம். கீழே வரும் உதாரணம் முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தை நோக்கித்தான் கட்டப்பட்டிருக்கிறது.

எத்தனை பத்தி? எந்தப் பத்தியில் என்ன வர வேண்டும்?

தமிழில் 350 முதல் 450 சொற்கள், ஐந்து அல்லது ஆறு பத்திகள் போதும். முதல் பத்தியில் நிகழ்வும் நம் நிலைப்பாடும். இரண்டாவதில் படிப்பவருக்குத் தெரிந்தே ஆக வேண்டிய பின்னணி. மூன்றாவது, நான்காவதில் காரணமும் ஆதாரமும். ஐந்தாவதில் எதிர்த் தரப்பும் அதற்கு நம் பதிலும். ஆறாவதில் கோரிக்கை.

இந்த வரிசையைவிட முக்கியமானது அளவு. பின்னணி முழுத் தலையங்கத்தில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. செய்தி முதல் பக்கத்தில் ஏற்கெனவே வந்துவிட்டது. அதையே நான்கு பத்திக்குத் திருப்பிச் சொல்லிவிட்டு, கடைசிப் பத்தியில் மட்டும் 'வேண்டும்' போடுவதுதான் தலையங்கங்களில் நாம் அதிகம் பார்க்கும் கோளாறு. உங்கள் எழுத்தில் அது நேர்ந்திருக்கிறதா என்று அறிய, நிலைப்பாட்டைச் சொல்லும் வாக்கியங்களுக்கு மட்டும் அடிக்கோடு போடுங்கள். கோடுகள் எல்லாம் கடைசிப் பத்தியில் குவிந்திருந்தால், அது தலையங்கத் தலைப்பு வைத்த செய்தி.

உள்ளூர்ப் பிரச்சினை ஒன்றை எடுத்துச் செய்து காட்ட முடியுமா? எழுதும் முன் என்னென்ன விவரம் வேண்டும்?

புதிதாகப் போட்ட சாலையைச் சில வாரங்களில் குழாய்க்காகத் தோண்டிப் போடும் பிரச்சினையை எடுத்துக்கொள்வோம். எல்லா ஊருக்கும் தெரிந்தது. கீழே வரும் எண்கள் பயிற்சிக்காக வைத்துக்கொண்டவை. எந்த ஊரின் கணக்கும் அல்ல.

ஒரு நகராட்சியில் 600 மீட்டர் நீளத் தெருவுக்குத் தார் போட்டு 11 வாரம் ஆகிறது. குடிநீர்க் குழாய்க்காக அதை நீளவாக்கில் தோண்டிவிட்டார்கள். மக்கள் மறித்துப் போராடினார்கள், படம் வந்தது. இதை மட்டும் வைத்துக்கொண்டு எழுதினால் ஆத்திரம் வரும், தலையங்கம் வராது. ஆத்திரம் தெருக்காரர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. பத்திரிகை அதோடு எதையாவது சேர்க்க வேண்டும்.

முதலில் அந்தச் சாலை யாருடையது என்று உறுதி செய்யுங்கள். ஊருக்குள் ஓடும் சாலை எல்லாம் நகராட்சியின் சாலை அல்ல. நெடுஞ்சாலைத் துறையின் சாலைக்கு நகராட்சியைத் திட்டி ஒரு தலையங்கம் வந்தால், மறுநாள் ஒரே ஒரு மறுப்புக் கடிதத்தில் முழு வாதமும் விழுந்துவிடும்.

அடுத்து, இது ஒரு தெருவில் மட்டும் நடந்ததா, வழக்கமாக நடப்பதா என்று பார்க்க வேண்டும். நிருபர் சாலைப் பிரிவின் பட்டியலையும் தோண்ட அனுமதி கொடுத்த பதிவேட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வருடத்தில் புதுப்பித்த 40 சாலைகளில் 14, ஆறு மாதத்துக்குள் தோண்டப்பட்டிருக்கின்றன. மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்.

பலர் இந்த எண்ணோடு நிறுத்திவிடுவார்கள். நிறுத்தக் கூடாது, ஏனென்றால் 14 என்ற எண்ணுக்கு அதிகாரியிடம் பதில் தயாராக இருக்கும்: 'குழாய் வெடித்தால் தோண்டாமல் என்ன செய்வது?' எனவே அந்த 14-ஐப் பிரிக்க வேண்டும். 3 அவசரப் பழுது, 11 முன்பே திட்டமிட்ட வேலை. அந்த 11-லும் குழாய் வேலைக்கு ஒப்புதல் கிடைத்த தேதியையும் சாலைக்கு டெண்டர் விட்ட தேதியையும் ஒப்பிட்டால், 9 வேலைகளில் ஒப்புதல் முந்தியிருக்கிறது. அதாவது, தார் ஊற்றும்போதே அந்தத் தெரு தோண்டப்படப் போகிறது என்று அதே கட்டடத்தில் ஒரு மேசையில் கோப்பு இருந்திருக்கிறது. இந்த 9-தான் தலையங்கத்தின் உயிர்நாடி. 14 பிரச்சினையின் அளவைத்தான் காட்டும். அதைத் தவிர்த்திருக்க முடியும் என்பதை 9 காட்டுகிறது, கோரிக்கையும் அதிலிருந்தே தானாகப் பிறக்கிறது.

கடைசியாக, தோண்டினால் என்ன கெடுகிறது என்று ஒரு பொறியாளரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பள்ளத்தை மூடும்போது மண்ணை 15, 20 சென்டிமீட்டர் அடுக்குகளாகப் போட்டு ஒவ்வொரு அடுக்கையும் இறுக்க வேண்டும். மொத்தமாகத் தள்ளி மேலே மட்டும் ரோலர் ஓட்டினால் அடியில் மண் தளர்வாகவே இருக்கும். மழை பெய்ததும் அது அமுங்கும், மேலே ஒட்டுப்போட்ட தார் உள்வாங்கும். பழைய தாரும் புதுத் தாரும் சேரும் இடத்தில் தண்ணீர் இறங்கி, தோண்டாத பகுதியும் விரியத் தொடங்கும். 60 சென்டிமீட்டர் அகலத்துக்குத் தோண்டினாலும் சேதம் அதோடு நிற்காது என்பதை இது விளக்குகிறது.

இந்த விவரங்களை வைத்துத் தலையங்கம் எப்படி வரும்? பத்தி பத்தியாகச் சொல்லுங்கள்.

முதல் பத்தியைச் சுமார் 35 சொற்களில் முடிக்கலாம். இப்படி:

> தார் போட்டு 11 வாரமே ஆன தெருவை நகராட்சி தோண்டியிருக்கிறது. குழாய் தேவைதான், அதில் யாருக்கும் மறுப்பில்லை. ஆனால் அந்தக் குழாய்க்கு ஒப்புதல் கொடுத்த பிறகுதான் சாலைக்கு டெண்டர் விடப்பட்டது. ஒரு பிரிவு செய்யப்போவதை இன்னொரு பிரிவு கேட்டிருந்தால், இந்தத் தெரு ஒரே முறையில் முடிந்திருக்கும்.

நிகழ்வு, ஒப்புக்கொள்ள வேண்டியது, குற்றச்சாட்டு மூன்றும் நான்கு வாக்கியங்களில் வந்துவிட்டன. 'மக்கள் அவதி', 'கண்டுகொள்ளாத நிர்வாகம்' போன்ற சொற்கள் ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனியுங்கள். தேதிகளே அந்த வேலையைச் செய்கின்றன.

இரண்டாம் பத்தியில் 40, 14, 11, 9 என்ற வரிசை. நான்கு எண்களையும் ஒரே வாக்கியத்தில் அடுக்கினால் படிப்பவர் விட்டுவிடுவார். எண்ணுக்கு ஒரு வாக்கியம் என்று விரித்து, 9-ஐக் கடைசியில் வையுங்கள். பத்தி முடிவில் இருக்கும் எண்தான் மனதில் நிற்கும்.

மூன்றாம் பத்தியில் பொறியாளர் சொன்னது. மண் அமுங்குவது, தண்ணீர் இறங்குவது, விரிசல் பரவுவது என்று காரணமும் விளைவும் சங்கிலியாக வர வேண்டும். 'தரமற்ற பணி' என்ற இரண்டு சொல்லில் இதை முடித்துவிடுகிறவர்கள் உண்டு. அது தீர்ப்பு மட்டும்தான், விளக்கம் இல்லை. தரம் எங்கே போனது என்று காட்டினால், அடுத்த முறை தங்கள் தெருவில் பள்ளம் மூடும்போது எதைப் பார்க்க வேண்டும் என்று வாசகருக்கே தெரியும்.

நான்காம் பத்தியில், இது ஏன் திரும்பத் திரும்ப நடக்கிறது என்ற கேள்வி. இரண்டு பிரிவுகளுக்கும் தனித்தனி நிதி, தனித்தனிக் கெடு. சாலைக்கு வந்த பணத்தை நிதியாண்டு முடிவதற்குள் செலவழிக்க வேண்டும் என்பதால், குழாய்க்காகக் காத்திருக்கச் சாலைப் பிரிவு விரும்பாது. இங்கே யாரும் கெட்டவர்கள் இல்லை. ஒருவரோடு ஒருவர் பேச வேண்டிய கட்டாயம் எந்த விதியிலும் இல்லை, அவ்வளவுதான். இதுவும் உங்கள் ஊரில் விசாரித்து உறுதி செய்த பிறகே எழுத வேண்டியது. இந்தப் பத்தி இல்லாவிட்டால் கோரிக்கை கண்டிப்பாக மட்டும் ஒலிக்கும். இருந்தால், கோரிக்கை தீர்வாகத் தெரியும்.

ஐந்தாவதில் எதிர்வாதம், ஆறாவதில் முதலில் எழுதிய அந்தக் கோரிக்கை வாக்கியம்.

எதிர்த் தரப்பு வாதத்தை நாமே எடுத்துச் சொன்னால் நம் பக்கம் பலவீனமாகாதா?

பலவீனமான எதிர்வாதத்தைச் சொன்னால்தான் பலவீனமாகும். 'சாலையைத் தோண்டினால் என்ன என்று சிலர் கேட்கலாம்' என்று யாரும் கேட்காத ஒன்றை எழுதி வீழ்த்துவதை வாசகர் உடனே கண்டுபிடித்துவிடுவார். நகராட்சிப் பொறியாளர் நம்மிடம் உண்மையில் என்ன சொல்வாரோ, அதை அவரே ஏற்கும் விதத்தில் எழுத வேண்டும்.

நம் உதாரணத்தில் இரண்டு வலுவான வாதங்கள் உண்டு. ஒன்று, உடைந்த குழாய் காத்திருக்காது. அதை அப்படியே ஒப்புக்கொள்ளுங்கள்: அவசரப் பழுதுக்கு விலக்கு உண்டு, 14-ல் 3 அப்படிப்பட்டவை. ஒப்புக்கொண்டதால் மீதி 11-ஐப் பற்றிய நம் பேச்சு இன்னும் உறுதியாகிறது.

இரண்டாவது கடினமானது: 'நான்கு பிரிவும் எழுதிக் கொடுக்கும் வரை காத்திருந்தால் ஒரு சாலையும் போட முடியாது.' இது நியாயமான பயம். இதற்குப் பதில் கோரிக்கைக்குள்ளேயே இருக்க வேண்டும். எழுதிக் கேட்ட 30 நாளுக்குள் பதில் தராத பிரிவு, அந்தச் சாலையை அடுத்த சில ஆண்டுகளுக்குத் திட்டமிட்ட வேலைக்காகத் தோண்ட முடியாது என்று சேர்த்துவிட்டால் காத்திருப்பு முடிந்துவிடும். புதுச் சாலையை இப்படிப் பாதுகாப்பது நடக்காத காரியமும் அல்ல. நியூயார்க்கில் புதுப்பித்த தெருக்களுக்கு ஐந்தாண்டுப் பாதுகாப்பு இருக்கிறது. அந்தக் காலத்தில் தோண்டுவதற்குத் தனிக் கட்டுப்பாடுகள் உண்டு. எதிர்வாதத்தை நேர்மையாக எடுத்ததால் கோரிக்கை திருந்தியது, பாருங்கள். எதிர்வாதப் பத்தியை எழுதிய பிறகும் கோரிக்கையில் ஒரு சொல்லும் மாறவில்லை என்றால், எதிர்வாதத்தை நீங்கள் முழுதாகக் கேட்கவில்லை என்று பொருள்.

இதே விஷயத்தை என் பெயரில் நடுப்பக்கக் கட்டுரையாக எழுதினால் அமைப்பு மாறுமா?

மாறியாக வேண்டும். தலையங்கத்தையே இரட்டிப்பாக நீட்டி அனுப்பினால், 'இதை நாங்களே எழுதிவிட்டோமே' என்று திரும்பி வரும். 700 முதல் 900 சொற்கள் கிடைக்கும்போது, பத்திரிகை சொல்ல முடியாதது எது, உங்களுக்கு மட்டும் தெரிந்தது எது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

எழுதுபவர் ஓய்வுபெற்ற பொறியாளர் என்று வைத்துக்கொள்வோம். அவர் தோண்டிய தெருவில் போய் நின்று, மூடிய பள்ளத்தின் குறுக்கே ஒரு நேரான கம்பை வைத்துப் பார்க்கிறார். கம்புக்கும் தாருக்கும் நடுவே இரண்டு விரல் போகிறது. கட்டுரை அந்த இரண்டு விரல் இடைவெளியில் தொடங்கலாம். முதல் 80 சொற்களில் இந்தக் காட்சி. உடனே அடுத்த பத்தியில், இதை ஏன் காட்டுகிறேன் என்று ஒரே வாக்கியம்: பள்ளத்தை மூடியதை யாரும் அளந்து பார்ப்பதில்லை, அளக்காததற்குத்தான் பணம் தருகிறோம்.

கவனியுங்கள், இது தலையங்கத்தின் வாதம் அல்ல. தலையங்கம் இரண்டு பிரிவுகள் பேசிக்கொள்ளாததைப் பற்றியது. கட்டுரை, மூடும் வேலையை அளக்காததைப் பற்றியது. ஒரே பள்ளம், வேறு கேள்வி. நடுப்பகுதியில் அடுக்கு அடுக்காக இறுக்குவதை அவர் 250, 300 சொற்களில் விரித்துச் சொல்லலாம். அந்த இடம் தலையங்கத்துக்குக் கிடைக்காது. பிறகு, மழைக்கு முன் ஒரு முறை, பின் ஒரு முறை அளந்துவிட்டு ஒப்பந்ததாரருக்குப் பணம் தந்தால் என்ன ஆகும், என்ன சிக்கல் வரும் என்று யோசித்துப் பார்க்கலாம். முடிவில் கோரிக்கை கட்டாயமில்லை. தெருவுக்குத் திரும்பி, அதே கம்பை வைத்து வாசகரே எப்படிப் பார்ப்பது என்று சொல்லி நிறுத்தலாம்.

'நான்' எவ்வளவு வரலாம் என்று சிலர் கேட்பார்கள். நீங்கள் பார்த்தது, அளந்தது, செய்தது ஆகியவற்றுக்கு வரட்டும். 'நான் நினைக்கிறேன்', 'என் கருத்தில்' இரண்டையும் வெட்டுங்கள். பெயர் போட்ட கட்டுரையில் வருவதெல்லாம் உங்கள் கருத்துதான்.

இதில் கமிஷன் இருக்கிறது என்று ஊரே பேசுகிறது. எழுதலாமா?

ஆவணம் இல்லாமல் எழுதக் கூடாது. கருத்துப் பக்கம் என்பதால் ஆதாரமற்ற குற்றச்சாட்டுக்கு விலக்குக் கிடையாது. 'கமிஷன் வாங்கினார்கள்' என்பது கருத்து அல்ல, உண்மையா பொய்யா என்று நிரூபிக்க வேண்டிய கூற்று. 'இருக்குமோ என்ற சந்தேகம் எழுகிறது' என்று மாற்றினாலும் தப்பிக்க முடியாது, வாசகர் காதில் விழுவது ஒன்றுதான்.

தேவையும் இல்லை. ஒப்புதல் தேதியும் டெண்டர் தேதியும் ஆவணத்தில் இருக்கின்றன. அவற்றை அடுத்தடுத்து வையுங்கள். நோக்கத்தைப் பற்றிப் பேசாமல், நடந்ததையும் அதற்குப் பொறுப்பானவர் பதில் சொல்ல வேண்டிய கேள்வியையும் எழுதுங்கள். அச்சுக்குப் போகும் முன் நகராட்சியின் விளக்கத்தைக் கேட்டு, கிடைத்தால் ஐந்தாம் பத்தியில் சேருங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் படிக்க இழுவையாக இருக்கிறது. எங்கே கோளாறு?

பெரும்பாலும் வினைச்சொல்லில். தமிழில் வினை கடைசியில் வருவதால், 30 சொல் வாக்கியத்தில் யார் என்ன செய்தார் என்பது 30-வது சொல்லில்தான் தெரியும். இதைப் பாருங்கள்: 'அண்மையில் புதுப்பிக்கப்பட்ட சாலைகள் முறையான ஒருங்கிணைப்பின்றி பல்வேறு துறைகளால் தோண்டப்பட்டு வருவது கவலையளிப்பதாக உள்ளது.' செய்தவர் 'பல்வேறு துறைகளால்' என்பதற்குள் ஒளிந்துகொண்டார். மிச்சமிருப்பது கவலை மட்டும்.

'சாலைப் பிரிவு மார்ச்சில் தார் போட்டது. குடிநீர்ப் பிரிவு ஜூனில் தோண்டியது.' இரண்டு எழுவாய், இரண்டு வினை, இரண்டு மாதம். '-ப்பட்டது' என்று முடியும் வினைகளைத் தேடி, ஒவ்வொன்றிலும் செய்தவரை முன்னால் கொண்டுவாருங்கள். யார் என்று எழுத முடியாமல் நின்றால், அது நடைக் குறை அல்ல. விசாரிக்க வேண்டியது இன்னும் பாக்கி இருக்கிறது.

கேள்விக்குறிகளையும் எண்ணிப் பாருங்கள். 'இது யார் பணம்? யார் பொறுப்பு? எப்போது விடியும்?' என்று அடுக்கினால், பதில் தெரியாமல் கேட்பது போலாகும். ஒன்று போதும், அதற்கும் அடுத்த வாக்கியத்தில் பதில் வேண்டும்.

தலைப்பை எப்போது வைப்பது?

கடைசியில். கோரிக்கை வாக்கியத்தை மூன்று, நான்கு சொல்லுக்குச் சுருக்கிப் பாருங்கள். 'தோண்டிவிட்டுத் தார் போடுங்கள்' என்பது தலையங்கத்துக்குப் பொருந்தும், ஏனென்றால் அதில் நிலைப்பாடு இருக்கிறது. 'சாலைகளின் அவலம்' என்பதில் நிலைப்பாடே இல்லை. கட்டுரைக்கு 'இரண்டு விரல் பள்ளம்' என்று வைக்கலாம். படித்து முடித்த பிறகு அதன் பொருள் விளங்கினால் போதும்.